வீதி வீடியோவில் முகமும் நம்பர் பிளேட்டும்: போடுவதற்கு முன் மறைப்பது

அண்ணா, வெள்ளவத்தையில் டாஷ்கேமில் எடுத்த வீடியோ. முன்னால் போகும் ஆட்டோவின் பிளேட்டை மறைக்க, டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் ட்ராக் செய்தேன். 100 பஸ் குறுக்கே வந்ததும் மறைப்பு பஸ்ஸோடு போய்விடுகிறது.

ட்ராக்கருக்கு அது பிளேட் என்று தெரியாது. பிளேட்டின் மேல் நீங்கள் வைத்த பெட்டிக்குள் உள்ள நிற வேறுபாட்டைத்தான் அது பின்தொடர்கிறது, அதனால் பஸ்ஸின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிளேட் பெரிதாகத் தெரியும் ஃபிரேமுக்குப் போய், பெட்டியைச் சற்று அகலமாக வைத்து, அங்கிருந்து முன்னாலும் பின்னாலும் ட்ராக் செய்யுங்கள். பஸ் வரும் இடத்தில் ட்ராக்கர் வரைபடத்தின் கோடு துள்ளும். அந்தத் துண்டைத் தெரிவு செய்து Clear Selected Track Data கொடுங்கள். அப்புறம் Clip என்பதை Frame என்று மாற்றி, பிளேட் மறையும் இடத்திலும் மறுபடி வெளிவரும் இடத்திலும் பெட்டியைக் கையால் வையுங்கள். இடைப்பட்டதை ரிசால்வே நிரப்பும்.

வெளிவரும் இடத்தில்தான் பலருக்கும் தவறுகிறது. பிளேட்டின் ஓரம் தெரிய ஓரிரு ஃபிரேம் முன்பே பெட்டி அங்கே இருக்க வேண்டும். பஸ்ஸின் மேல் கொஞ்சம் மங்கல் விழுந்தால் பரவாயில்லை. ஒரு ஃபிரேம் தப்பினாலும் போதும், யூடியூபில் வீடியோவை நிறுத்தி, முற்றுப்புள்ளி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எண்ணை வாசித்துவிடலாம்.

மொசைக் போட்டால் யாராலும் வாசிக்க முடியாதுதானே?

பெரிய கட்டங்கள் போட்ட ஒற்றைப் படத்தில் கடினம்தான். வீடியோவில் பிளேட் நகர்வதால், ஒவ்வொரு ஃபிரேமிலும் கட்டத்துக்குள் எழுத்தின் வேறு வேறு பகுதி விழுகிறது. பல ஃபிரேம்களைச் சேர்த்து எண்ணை ஊகிக்க வழி இருக்கிறது. இலேசான மங்கலும் அப்படித்தான். பிளேட்டுக்கு நான் ஒரே நிறத்தில் பூசிவிடுவேன். பார்க்க அழகில்லை, ஆனால் அடியில் மீட்க எதுவும் மிஞ்சாது.

என் மகளின் பாடசாலை விழாவை வேறொருவர் யூடியூபில் போட்டிருக்கிறார். அவளுடைய முகத்தை நான் மங்கலாக்கலாமா?

அக்கா, உங்கள் பக்கத்திலிருந்து முடியாது. போட்டவரிடம் கேளுங்கள். வீடியோவை அழிக்காமலே, யூடியூப் ஸ்டூடியோ எடிட்டரில் அவர் அந்த முகத்தை மட்டும் மங்கலாக்கலாம், இணைப்பும் மாறாது. மறுத்தால் யூடியூபுக்குத் தனியுரிமை முறைப்பாடு செய்யுங்கள்.

புறக்கோட்டைச் சந்தைக் கூட்டம், நூறு முகம் இருக்கும். ஒவ்வொன்றாக எப்படி ட்ராக் செய்வது?

வேண்டாம். deface என்ற இலவசக் கருவி முகங்களைத் தானே கண்டுபிடிக்கும்.

```
deface --thresh 0.1 --mask-scale 1.5 --replacewith solid --keep-audio pettah.mp4
```

thresh இயல்பில் 0.2. குறைத்தால் அதிக முகம் பிடிபடும், கூடவே சில வாழைக்குலைகளும் மறையும். இது ஃபிரேம் ஃபிரேமாகத் தேடுவதால், ஒருவர் தலையைத் திருப்பும்போது மறைப்பு ஒரு கணம் அணைந்து எரியும். அந்த இடங்களை ரிசால்வில் கையால் மூடுங்கள். பிளேட்டை இது தொடாது.

பிளேட்டை மூடினாலும், பின் கண்ணாடி ஸ்டிக்கரை வைத்தே எங்கள் ஒழுங்கையில் ஆட்டோவை அடையாளம் காண்பார்களே?

உண்மைதான் தம்பி. ஸ்டிக்கரையும் சேர்த்து மூடலாம். அதற்கு மேல் ஓட்டுநரின் சட்டை, குரல் என்று எதுவரை போவது என்பதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. ஆளைக் குற்றஞ்சாட்டும் வீடியோ என்றால் நான் அந்தத் துண்டையே வெட்டிவிடுவேன்.