எடையை மாற்றி மாற்றிக் கெழு காண்பது

கேள்வி: லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் கெழுக்களை ஒரே கணக்கில் எடுக்க முடியாதா? எடையை ஏன் திரும்பத் திரும்ப மாற்றுகிறார்கள்?

பொதுவாக முடியாது. மாதிரி கணிக்கும் நிகழ்தகவு p என்றால், ஒவ்வொரு தரவின் எடையும் p(1−p). அந்த p-யோ நாம் தேடும் கெழுவையே நம்பியிருக்கிறது. அதனால் ஒரு ஊகத்தில் தொடங்கி, எடையிட்ட மீச்சிறு வர்க்க முறையில் கோடு பொருத்தி, கிடைத்த கெழுவால் p-யையும் எடையையும் புதுப்பிக்கிறோம்.

மாறிலி மட்டும் உள்ள மாதிரியைப் பாருங்கள். 10 பேரில் 8 பேர் தேர்ச்சி. p = 1/(1+e^(−கெழு)). கெழு 0 என்றால் p = 0.5, எடை 0.25. y தேர்ச்சிக்கு 1, தோல்விக்கு 0. பொருத்த வேண்டிய மதிப்பு, பழைய கணிப்போடு (y−p)/எடை கூட்டியது: தேர்ச்சிக்கு +2, தோல்விக்கு −2. சராசரி 1.2, இதுதான் புதிய கெழு. இப்போது p = 0.7685, எடை 0.178. அடுத்த சுற்றில் 1.377, அதற்கடுத்து 1.386. இது ln 4. அதாவது p சரியாக 0.8. இந்தத் தரவு கிடைக்கும் வாய்ப்பைச் சொல்லும் சார்பின் உச்சம் இங்கேதான், இனி நகராது.

பத்துப் பேருமே தேர்ச்சி என்றால்? கெழு 0, 2, 3.14 என்று ஏறி, பிறகு சுற்றுக்கு ஏறக்குறைய 1 கூடிக்கொண்டே போகும். எடை பூஜ்ஜியத்தை நெருங்கும். உச்சமே இல்லாததால் எந்தச் சுற்றிலும் நிலைக்காது. ஒரு மாறி இரு வகைகளையும் முழுதாகப் பிரித்துவிட்டாலும் இதே கதைதான். R-இல் அப்போது இந்த எச்சரிக்கை வரலாம்:

```
fitted probabilities numerically 0 or 1 occurred
```

கூடவே திட்டப்பிழை மிகப் பெரிதாக இருந்தால், சுற்றுகளின் உச்ச எண்ணிக்கையான `maxit`-ஐக் கூட்டிப் பயனில்லை. கெழு எல்லையின்றி ஏறாமல் தடுக்கும் ஃபிர்த் திருத்தம் போட்டுப் பாருங்கள்.