கேலிக்கு முறை வேண்டாமா?

கேள்வி: எங்கூர் நண்பனுக்கு 36 வயசாகியும் பொண்ணு அமையலைங்க. டீக்கடையில நாங்க ஓட்டினா அவனும் சேர்ந்துதான் சிரிப்பான். போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில அவன் சாப்பிடற போட்டோவை வச்சு மீம் பண்ணி, எங்க பசங்க குழுவுல மட்டும் போட்டேன். அது எப்படியோ ஜாதகக் குழு வரைக்கும் போயிருச்சு. இப்ப அவன் பேசவே மாட்டேங்கறான். ஒரு மீமுக்கு இவ்வளவு கோவமாங்க?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மீமைப் பார்த்தேன். அதை இங்கே அச்சிடப் போவதில்லை. இலையில் குனிந்திருக்கும் உங்கள் நண்பர் மட்டும் தெரியும்படி, பக்கத்தில் இருந்தவர்களை வெட்டியிருக்கிறீர்கள். மேலே, ‘ஊர்ல எல்லாக் கல்யாணத்துக்கும் வர்றாரு’ என்று ஒரு வரி. கீழே வடிவேலு அழுகிற முகம். அவ்வளவுதான். ‘இவனுக்கு மட்டும் ஆகவில்லை’ என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. அதைப் பார்க்கிறவர் தானாகவே மனசுக்குள் சொல்லிக்கொள்கிறார். வசவு இருக்கிறது, வைதவர் மட்டும் இல்லை. உங்கள் நண்பர் கேட்டால் ‘நான் என்னடா சொன்னேன்?’ என்று நீங்கள் நழுவலாம். மீமின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது.

டீக்கடையில் அவர் சிரித்ததைச் சொல்கிறீர்கள். அங்கே பேசுகிறவர் யார் என்று அவருக்குத் தெரியும். பதிலுக்கு உங்களை ஒரு வார்த்தை ஓட்டவும் முடியும். அவர் முகம் வாடினால் நீங்களே பேச்சை மாற்றியிருப்பீர்கள். நம் பக்கத்தில் கேலிக்கே முறை உண்டு. மாமன் மச்சான் கேலி செய்யலாம், கொழுந்தியா கேலி செய்யலாம். அந்த முறை இல்லாதவர் அதே வார்த்தையைச் சொன்னால் சண்டைதான். உங்கள் மீமை ஜாதகக் குழுவில் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அவருக்கு முறை? அந்தக் குழுவில் அவரே இருக்கிறாரா என்பதுகூடச் சந்தேகம்தான். அங்கே அவருடைய குணமோ, தோட்டமோ, உங்களோடு அடிக்கிற அரட்டையோ யாருக்கும் தெரியாது. பெண் வீட்டார் முதன்முதலில் பார்க்கும் அவருடைய படம் இதுவாக இருந்தால், அப்புறம் ஜாதகத்தைப் பிரித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் பெண் கிடைக்காமல் நிற்பவர் அவர் ஒருவரா? 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் அதே சேலத்தில்தான். பிறக்கவிடாமலும் பிறந்ததை வாழவிடாமலும் ஊரே செய்த பாவத்தின் கடன் இன்று முப்பதைத் தாண்டிய ஆண்கள் தலையில் விடிந்திருக்கிறது. போதாததற்கு, விவசாயம் பார்க்கும் மாப்பிள்ளை வேண்டாம் என்கிற வீடுகளும் நிறைய. இத்தனையையும் ஒரு பந்திப் படத்துக்குள் அடக்கி, குறை இவனிடம்தான் என்று காட்டிவிட்டீர்கள்.

‘எப்படியோ’ போனது என்கிறீர்கள். எப்படி என்று சொல்கிறேன். பலமுறை ஃபார்வர்டு ஆன செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போட்டு, ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப விடுகிறது. ஆனால் ஒருவர் படத்தை கேலரியில் சேமித்துப் புதிதாக அனுப்பினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும், அம்புக்குறியும் இருக்காது. யார் செய்தது என்ற தடயமும் அங்கேயே அறுந்துவிடும். நேரில் சொன்ன கேலியை ஆள் மறந்துவிடுவான். இது அடுத்த கல்யாணத்தில், அதற்கடுத்த சீரில், யாரோ ஒருவர் போனிலிருந்து திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுசாகத்தான் வலிக்கும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாததால், எதிரில் வருகிறவர் சும்மா சிரித்தால்கூட அதற்காகத்தான் சிரிக்கிறாரோ என்று நினைப்பார். நூறு பேர் பார்த்த மீம் அவருக்கு ஊரே பார்த்த மாதிரிதான்.

‘நான் ஃபார்வர்டுதான் பண்ணேன்’ என்று உங்கள் பசங்க சொல்லக்கூடும். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு முகநூல் பதிவைப் பகிர்ந்தவரின் முன்ஜாமீன் மனுவை 2018இல் தள்ளுபடி செய்தபோது, பகிர்வது அந்தக் கருத்தை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தனியாகப் போய் ‘சாரிடா’ சொன்னால் போதாது. படம் போன குழுக்களிலேயே, படத்தை மறுபடி ஒட்டாமல், ‘அது நான் செய்தது, தப்பு, அழித்துவிடுங்கள்’ என்று உங்கள் பெயரோடு எழுதுங்கள். ‘சும்மா ஜாலிக்கு’ என்ற வார்த்தை அதில் வரவே கூடாது. யாருக்கு அனுப்பினீர்கள் என்று உங்கள் பசங்க ஒவ்வொருவரையும் கேளுங்கள். கேலரியில் சேமித்த படத்தை அவரவர்தான் அழிக்க வேண்டும், ஆனால் குழுவில் யார் போட்டதையும், போட்டு அதிக நாள் ஆகாவிட்டால், எல்லோருக்கும் சேர்த்து நீக்க அட்மினால் முடியும். ஜாதகக் குழுவின் அட்மினை முதலில் கூப்பிடுங்கள்.