புடவை பிடிக்காவிட்டால் பணம் என்னாகும்?

"இணையத்தில் புடவை விற்கிறேன். 7 நாளில் திருப்பித் தந்தால் பணம் கொடுத்துவிடுவேன். பக்கத்தில் மட்டும் 'குறித்த காலத்திற்குப் பின் வரும் கோரிக்கைகள் நிராகரிக்கப்படும், எங்கள் முடிவே இறுதியானது' என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பலர் வாங்காமலே போகிறார்கள். எப்படி மாற்றுவது?"
– வாசகி, யீஷூன்

உங்கள் நிபந்தனை நல்ல நிபந்தனைதான். அதைத் திருப்பி எழுதினால் போதும். 120 வெள்ளிப் புடவையைக் கைபேசியில் பார்ப்பவருக்கு ஒரே கவலை: நேரில் நிறம் வேறாக இருந்தால்? பக்கத்தின் முதல் வரியே அதற்குப் பதிலாக இருக்கட்டும்:

"புடவை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொன்னால், அதற்கு நீங்கள் கொடுத்த விலை முழுவதையும் திருப்பித் தருகிறோம்."

'கைக்கு வந்த நாளிலிருந்து' என்பதை விட்டுவிடாதீர்கள். ஆர்டர் செய்த நாளிலிருந்து கணக்கா என்ற சந்தேகம்தான் பின்னால் சண்டையாகும்.

அடுத்து, நடப்பதை வரிசையாகச் சொல்லுங்கள்: "வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள். நிறமோ துணியோ பிடிக்கவில்லை என்றால் தபால் செலவு உங்களுடையது, தவறு எங்களுடையது என்றால் எங்களுடையது. புடவை எங்களுக்கு வந்த 2 வேலை நாட்களுக்குள் பேநவ்வில் பணம் அனுப்புவோம்." கார்டில் வாங்கியவருக்குப் பணம் கார்டுக்கே திரும்பும், வங்கிக்குச் சில நாள் கூடுதலாகும் என்பதையும் சேருங்கள். தீபாவளி நேரத்தில் 2 நாளில் முடியாதா? 5 என்றே போடுங்கள்.

அப்புறம், முடியாததை மறைக்க வேண்டாம். அதையும் இதே இடத்தில், காரணத்தோடு சொல்லுங்கள்: "ஃபால்ஸ் தைத்த புடவையையும், பிளவுஸ் துணி வெட்டிய புடவையையும் மறுபடி விற்க முடியாது என்பதால் திரும்ப எடுக்க இயலாது. தைக்கக் கொடுக்கும் முன் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பாருங்கள்." காரணம் தெரிந்த மறுப்பு யாரையும் அவ்வளவாக உறுத்தாது.

'எங்கள் முடிவே இறுதியானது' என்ற வரியை எடுத்தே விடுங்கள். மனம் மாறியவருக்குப் பணம் தரும்படி சிங்கப்பூர்ச் சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த 7 நாள் நீங்களாகத் தருவது. பழுதுள்ள பொருள் என்றால் கதை வேறு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, 'லெமன் லா' என்று எல்லோரும் சொல்லும் விதிகளின்படி, பொருளைக் கொடுத்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை பொதுவாக முதலிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். முதலில் சரிசெய்து தரலாம் அல்லது மாற்றித் தரலாம்; அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ. நீங்கள் போட்டிருக்கும் வரியால் இந்த உரிமையைப் பறிக்க முடியாது, வாங்குபவரை மிரட்டத்தான் முடியும். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: "நெசவிலோ சரிகையிலோ குறை தெரிந்தால், 7 நாள் தாண்டியிருந்தாலும் படம் அனுப்புங்கள்."

எழுதி முடித்ததும் இதுவரை உங்களிடம் வாங்காத ஒருவரிடம் பக்கத்தைக் கைபேசியில் காட்டி, ஒருமுறை படித்ததும் மூடச் சொல்லுங்கள். எத்தனை நாள், தபால் செலவு யாருடையது, பணம் எப்போது வரும் என்று கேளுங்கள். எதற்கு அவர் தடுமாறுகிறாரோ அந்த வரியை மறுபடி எழுத வேண்டும்.