நிறம் மாறும் ஸ்லைடுகள்

வணக்கம். கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்துக்கு நான்கு பேர் பவர்பாயிண்ட் கோப்பு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டினால் சில நிறங்கள் மாறுகின்றன, சில மாறுவதில்லை. கொப்புள நோய் பற்றிய ஸ்லைடுகளில் தமிழே போய்விட்டது. அவரவர் செய்தபடியே வைக்க வழி உண்டா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நிறங்கள் மட்டும் மாறுவதில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்லைடில் பெரும்பாலும் நிறம் நிறமாகப் பதிவாவதில்லை. "தீமின் முதல் நிறம்" என்ற குறிப்பாகத்தான் பதிவாகிறது. அந்த முதல் நிறம் பச்சையா நீலமா என்று சொல்வது ஸ்லைடு மாஸ்டர். Ctrl+V கொடுத்தால் ஸ்லைடு தன் மாஸ்டரை விட்டுவிட்டு உங்கள் கோப்பின் மாஸ்டரோடு சேர்ந்துகொள்ளும். தீமுக்கு வெளியே, தனியாக எடுத்துப் பூசிய நிறங்கள் மட்டும் தப்பிக்கும்.

ஆகவே மாஸ்டரையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். மூலக் கோப்பில் இடப்பக்கச் சிறுபடங்களில் ஒன்றைத் தொட்டு Ctrl+A, Ctrl+C. புதுக் கோப்பில் கடைசிச் சிறுபடத்துக்குக் கீழே வலது கிளிக் செய்து, Paste Options-இல் Keep Source Formatting. ஒரு கோப்பின் ஸ்லைடுகளை ஒரே தடவையில் கொண்டுவாருங்கள். பிய்த்துப் பிய்த்து ஒட்டினால் சில நேரம் அதே மாஸ்டர் 1_ என்ற முன்னொட்டோடு இன்னொரு முறை வந்து உட்காரும். முடித்ததும் View > Slide Master போய்ப் பாருங்கள். மாஸ்டர் மேல் சுட்டியை வைத்தால் எந்தெந்த ஸ்லைடு அதைப் பயன்படுத்துகிறது என்று காட்டும். எதுவும் பயன்படுத்தாததை நீக்கிவிடலாம்.

இதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. ஒரு கோப்புக்கு ஒரே ஸ்லைடு அளவுதான். கவாத்துப் படங்கள் உள்ள கோப்பு பழைய 4:3 ஆகவும் உங்களுடையது 16:9 ஆகவும் இருந்தால், Keep Source Formatting அளவைக் காப்பாற்றாது. அந்தக் கோப்பின் நகலைத் திறந்து Design > Slide Size-இல் அகலத்தை மாற்றி, இழுபட்ட பின்னணிப் படங்களை அங்கேயே சரிசெய்துவிட்டு, பிறகு ஒட்டுங்கள். வட்டமான முத்திரை ஏதாவது இருந்தால் அதைப் பாருங்கள். முட்டை வடிவமாகியிருந்தால் அளவு உதைக்கிறது.

தமிழ் போனது வேறு கதை. அங்கே jkpo; என்பதுபோல் தெரிகிறது என்றால், அது பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்". கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போடுகிறது. எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் எப்படி ஒட்டினாலும் தமிழ் வராது. Replace Fonts-உம் உதவாது, அது முகத்தைத்தான் மாற்றும், எழுத்தை மாற்றாது. இரண்டே வழி: கூட்டத்தில் ஓட்டப்போகும் கணினியிலும் பாமினியை நிறுவுங்கள், அல்லது அந்த ஸ்லைடுகளின் வரிகளை மட்டும் யூனிகோடு மாற்றியில் போட்டுத் திரும்ப ஒட்டுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அடுத்த வருடமும் இதே கோப்பைத்தானே திறக்கப்போகிறீர்கள்.

மாற்றிய வரிகளில் எண்களையும் நிறுத்தற்குறிகளையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. ஆங்கிலத்தில் அடித்த மருந்துப் பெயர்கள் நடுவில் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும்.