ஆடிட்டர் கையெழுத்து எதற்குப் பொறுப்பேற்கிறது?

கேள்வி: ராயபுரத்தில் விசைப்படகுகளுக்கு வலை, கயிறு, இன்ஜின் உதிரிபாகம் விற்கும் சிறு பிரைவேட் லிமிடெட் கம்பெனியை நானும் என் தம்பியும் நடத்துகிறோம். ஆண்டு விற்பனை சுமார் 4 கோடி ரூபாய். எங்கள் கணக்கர் படகு உரிமையாளர்கள் கொடுத்த பாக்கிப் பணத்தைச் சிறிது சிறிதாக எடுத்திருக்கிறார். முதல் ஆண்டு மார்ச் முடிவில் 3.20 லட்சம், அடுத்த மார்ச்சில் மொத்தம் 9.40 லட்சம். இரண்டு ஆண்டும் ஆடிட்டர் குறை ஏதும் சொல்லாமல் கையெழுத்திட்டார். கேட்டால், "திருட்டைக் கண்டுபிடிப்பது என் வேலை அல்ல" என்கிறார். அப்படியானால் தணிக்கை எதற்கு? நஷ்டத்தை அவரிடம் கேட்க முடியுமா?

பதில்: உங்கள் ஆடிட்டர் சொன்னது பாதி சரி. சட்டப்படி உங்களுக்குப் பயன்படக்கூடியது மற்றப் பாதியில்தான் இருக்கிறது.

அவர் கையெழுத்திட்ட அறிக்கையை எடுத்து முழுவதும் படியுங்கள். கணக்குகள் 'உண்மையான, நியாயமான தோற்றத்தை' அளிக்கின்றன என்பது அவருடைய கருத்து என்றுதான் அதில் இருக்குமே தவிர, கணக்கு சரி என்ற சான்றிதழாக அது இருக்காது. முறைகேட்டாலோ பிழையாலோ கணக்கில் பெரிய தவறு இல்லை என்பதற்கு 'நியாயமான உறுதி' பெற்றதாகவும், அது முழு உறுதி அல்ல என்றும் அதே அறிக்கை சொல்லும். அதற்கு முன்னால் நிர்வாகத்தின் பொறுப்பு என்றொரு பகுதி வரும். கம்பெனியின் சொத்துகளைப் பாதுகாக்கவும், முறைகேட்டைத் தடுக்கவும் கண்டறியவும் போதிய அக்கறை எடுத்துக்கொண்டோம் என்று, 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 134(5) பிரிவின்படி இயக்குநர் அறிக்கையில் உறுதி கூறியவர்கள் நீங்களும் உங்கள் தம்பியும்தான். இதை உங்களைக் குறை சொல்வதற்காகக் குறிப்பிடவில்லை. நீங்கள் வழக்குத் தொடுத்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் நீட்டுகிற தாள் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டு விற்றுமுதல் 50 கோடிக்கும் கடன் 25 கோடிக்கும் குறைவாக உள்ள பிரைவேட் கம்பெனி, தன் ஆண்டுப் படிவங்களைத் தவறாமல் தாக்கல் செய்திருந்தால், அதன் உள்கட்டுப்பாடுகள் சரியாக இயங்குகின்றனவா என்று தணிக்கையாளர் தனியாகக் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே உங்கள் கடையில் பணம் வாங்குகிறவரும் பேரேட்டில் எழுதுகிறவரும் ஒருவரே என்ற ஏற்பாடு சரியானது என்று அந்தக் கையெழுத்து ஒருபோதும் சொல்லவில்லை.

இனி, இது ஏன் கண்ணில் படவில்லை என்று பார்ப்போம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இது ஒருவர் கொடுத்த பணத்தால் இன்னொருவர் கணக்கை அடைக்கும் பழைய முறையாகத் தெரிகிறது. ஒரு படகு உரிமையாளர் 60,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்கிறார். கணக்கர் ரசீது கொடுத்துவிட்டு, ஏட்டில் எழுதாமல் பணத்தை எடுத்துக்கொள்கிறார். பத்து நாள் கழித்து இரண்டாமவர் 75,000 கொடுக்கிறார். அதில் 60,000 முதலாமவர் கணக்கில் வரவாகிறது, 15,000 மட்டுமே கொடுத்தவர் கணக்கில் ஏறுகிறது. மூன்றாமவர் பணம் வரும்போது இரண்டாமவர் பள்ளம் மூடப்படுகிறது. பணம் ஏட்டில் ஏறுவதற்கு முன்பே எடுக்கப்படுவதால் ரொக்க ஏடும் வங்கிக் கணக்கும் கச்சிதமாக ஒத்துப்போகும். ஓட்டை இருப்பது 'வரவேண்டிய பாக்கி' என்ற ஒரே இடத்தில்தான்.

உங்கள் தொழிலில் அந்த இடமும் நல்ல மறைவிடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் படகுகள் கரையேற்றிப் பழுதுபார்க்கப்படும். சரக்கு கடனுக்குப் போகும், பழைய பாக்கி அப்படியே நிற்கும். மார்ச் மாத நிலுவை ஜூன் வரை வசூலாகாமல் கிடப்பதைப் பார்த்து, இந்த வட்டாரத்தை அறிந்த எந்தத் தணிக்கையாளரும் உடனே சந்தேகப்பட மாட்டார்.

முதல் ஆண்டைப் பொறுத்தவரை அவர் மீது வழக்கு நிற்பது கடினம். தணிக்கையாளர் ஒவ்வொரு ரசீதையும் பார்ப்பதில்லை, மாதிரி எடுத்துப் பார்க்கிறார். எவ்வளவு தொகை தவறாக இருந்தால் அது கணக்கைப் படிப்பவரின் முடிவை மாற்றும் என்று தொடக்கத்திலேயே ஓர் அளவும் வைத்துக்கொள்கிறார். விற்பனையில் ஒரு சதவீதம் என்பது வழக்கத்தில் உள்ள அளவுகளில் ஒன்று. உங்களுக்கு அது 4 லட்சம். 3.20 லட்சம் அதற்குக் கீழே இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அது பெரிய பணம் என்பதை நான் உணர்கிறேன், ஆனால் தணிக்கையின் அளவுகோல் வேறு.

இரண்டாம் ஆண்டில் நிலைமை மாறுகிறது. 9.40 லட்சம் அந்த அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்காக அவர் தவறியவர் என்று தானாக ஆகிவிடாது. என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. பாக்கித் தொகையைச் சரிபார்க்கத் தணிக்கையாளருக்கு உள்ள நேர்வழி, வாடிக்கையாளர்களுக்கு நிலுவை உறுதிக் கடிதம் அனுப்புவது. யாருக்கு அனுப்புவது என்று அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். கடிதம் அவர் கட்டுப்பாட்டில் போக வேண்டும். பதில் நேராக அவர் அலுவலகத்துக்கு வர வேண்டும். பதில் வராதவர்களுக்கு, மார்ச்சுக்குப் பிறகு வந்த பணம் எந்தப் பில்லுக்கு, யாரிடமிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்று மூல ரசீதை வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கணக்கரிடமே பட்டியலைக் கொடுத்து, "கையெழுத்து வாங்கி வந்துவிடு" என்று சொல்லியிருந்தால், அது சரிபார்ப்பே அல்ல. சிறு கம்பெனிகளில் இப்படி நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வழக்கு இருக்கிறதா என்பதை இந்த ஒரு விவரமே பெரும்பாலும் தீர்மானிக்கும். ஆகவே உங்கள் பெரிய வாடிக்கையாளர்கள் பத்துப் பேரிடம், அப்படி ஒரு கடிதம் வந்ததா, யார் கொண்டுவந்தார் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

1896-இல் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கில், தணிக்கையாளர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி லோப்ஸ் சொன்னதை உங்கள் ஆடிட்டர் எடுத்துக்காட்டக்கூடும். சந்தேகத்தைத் தூண்டும் எதுவும் கண்ணில் பட்டால் அதை அடிவரை ஆராய வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. ரசீதுத் தேதிக்கும் பேரேட்டுத் தேதிக்கும் இடையே பத்து, பதினைந்து நாள் இடைவெளி திரும்பத் திரும்ப வந்திருந்தால், அவர் எடுத்த மாதிரியிலேயே அது இருந்திருந்தால், அவர் அதைக் கடந்து போனது கவனக்குறைவு என்று வாதிட இடமுண்டு.

செய்ய வேண்டியவை: கணக்கர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 316(4) (ஊழியரின் நம்பிக்கை மோசடி), 344 (கணக்குகளைத் திரித்தல்) ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டுக் காவல் துறையில் புகார் கொடுங்கள், எடுத்த செயல்களில் 2024 ஜூலை 1-க்கு முந்தையவை இருந்தால் அவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதற்கு முன் ரசீதுப் புத்தக அடிக்கட்டைகளையும் கம்ப்யூட்டர் பதிவுகளின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். ரசீது வைத்திருக்கும் படகு உரிமையாளரிடம் மறுபடி பணம் கேட்காதீர்கள். வசூலிக்க நீங்கள் அமர்த்திய ஆளிடம் கொடுத்தது உங்களிடம் கொடுத்ததுதான், அவர் கடன் தீர்ந்துவிட்டது.

ஆடிட்டர் விஷயத்தில் இரண்டு வழிகள் உள்ளன. பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒழுங்குமுறைப் புகார் கொடுக்கலாம்; கடும் கவனக்குறைவு அங்கே தொழில்முறைத் தவறு. ஆனால் அது உங்கள் பணத்தைத் திருப்பித் தராது. நஷ்டஈட்டுக்கு உரிமையியல் வழக்குத்தான் வழி. அதிலும் முழு 9.40 லட்சம் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் ஆண்டு அறிக்கைக்கு முன்பே போன பணத்தை எந்தத் தணிக்கையும் மீட்டிருக்காது. இரண்டாம் ஆண்டு அறிக்கை வந்த பிறகும் கணக்கர் தொடர்ந்து எடுத்திருந்தால், அந்தத் தொகையே அவருடைய கவனக்குறைவோடு நேராகத் தொடர்புடைய நஷ்டம். அதைத் தனியே கணக்கிடுங்கள். காலவரம்பு 3 ஆண்டு. கணக்கர் மீதான வழக்கில் மோசடி தெரியவந்த நாளிலிருந்து அதை எண்ணலாம். ஆடிட்டர் மோசடி செய்யவில்லை என்பதால், அவருக்கு எதிராக அறிக்கையில் கையெழுத்திட்ட தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது.