வேலைக்குப் போட்ட சீவி மாஸ்டர்ஸுக்குச் சரிவருமா?

"கிளிநொச்சி விவசாய பீடத்தில் படித்தேன். இரண்டு வருடமாகத் தொண்டு நிறுவன வேலை. நெதர்லாந்தில் மண், நீர் மாஸ்டர்ஸுக்கு வேலைக்குப் போட்ட சீவியையே அனுப்பலாமா அண்ணா? கீழே போட்டிருக்கிறேன்."

வேண்டாம் தம்பி. வேலை தருபவர் உங்களால் என்ன செய்து முடிக்க முடியும் என்று பார்ப்பார். அனுமதிக் குழு, நீங்கள் ஆய்வு செய்யப் பழகியவரா என்று பார்க்கும். உங்கள் முதல் பக்கம் முழுக்க வேலைதான். கடைசியில் ஒரே வரி: "ஆய்வு: பூநகரிக் கிணறுகளின் உவர்த்தன்மை."

அந்த வரிதான் உங்கள் மூலதனம். படிப்புக்கு அடுத்ததாக மேலே கொண்டுவந்து விரித்து எழுதுங்கள். எத்தனை கிணறு, மாரியிலும் கோடையிலும் அளந்தீர்களா, மின்கடத்துதிறனை எந்தக் கருவியில் பார்த்தீர்கள், தரவை எந்த மென்பொருளில் ஆராய்ந்தீர்கள், என்ன கண்டீர்கள்: நான்கு வரி போதும். குழுவாகச் செய்திருந்தால் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். நேர்காணல் வைத்தால் அங்கேதான் பிடிப்பார்கள்.

வீட்டுத்தோட்டப் பயிற்சி நடத்தியதெல்லாம் இரண்டு வரியில் அடங்கட்டும். மண் மாதிரி எடுத்த வேலை இருந்தால் அது நிற்கட்டும். ஜிபிஏயை வெறும் 3.2 என்று விடாமல் 3.2/4.0 என்று போடுங்கள். அடையாள அட்டை எண், சமயம், சாதாரண தரப் பெறுபேறு, "மேற்கூறியவை உண்மை" என்ற கையொப்பம், எல்லாம் நம்மூர்ப் பழக்கம்; எடுத்துவிடுங்கள். பரிந்துரைப்பவராகக் கிராம அலுவலரைப் போட்டிருக்கிறீர்களே! ஆய்வு மேற்பார்வையாளரிடம் முதலில் கேட்டுவிட்டு அவர் பெயரைப் போடுங்கள்.