ஆண்டும் பெயரும் சரி, புள்ளி எங்கே போனது?

"மகள் உயர்தரம் இரண்டாம் வருடம், கலைப்பிரிவு. தவணைச் சோதனையில் 'டொனமூர் அரசியலமைப்பையும் சோல்பரி அரசியலமைப்பையும் ஒப்பிடுக' என்று ஒரு கேள்வி. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். புத்தகத்தை வைத்து நானே பார்த்தேன், ஓர் ஆண்டுகூடப் பிழையில்லை. 20க்கு 8தான் கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'ஒப்பீடு எங்கே?' என்று மட்டும் எழுதியிருக்கிறது. ரீச்சர் வேண்டுமென்று குறைத்தாரா? ரியூசனை மாற்றுவதா?" – ஒரு தாய், கொக்குவில்

வேண்டுமென்று குறைக்கவில்லை, அம்மா. அந்தச் சிவப்பு மை கேட்டது நியாயமான கேள்வி. ஒரே குறை, இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டார். இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டியிருக்காது. ஆனால் கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவருக்கு அந்த இரண்டு வரிக்கு நேரம் கொடுக்காத ஏற்பாடு இது.

உங்கள் மகள் எழுதியது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்லுவேன், ஏனென்றால் முப்பது வருடமாக அதே கட்டுரையைத்தான் திருத்தினேன். முதல் இரண்டு பக்கம் டொனமூர்: 1927இல் ஆணைக்குழு வந்தது, 1931இல் அரசாங்க சபை, 61 உறுப்பினர், அதில் தெரிவானவர் 50, நியமனம் 8, அரச உத்தியோகத்தர் 3, ஏழு நிர்வாகக் குழுக்கள், சர்வசன வாக்குரிமை. அடுத்த இரண்டு பக்கம் சோல்பரி: 1947 தேர்தல், பிரதிநிதிகள் சபையில் 101 பேர், செனட் சபையில் 30 பேர், பிரதமர், அமைச்சரவை, 29ஆம் பிரிவு. கடைசி வரி, "இவ்வாறு இரண்டுக்கும் இடையில் பல ஒற்றுமை வேற்றுமைகள் காணப்படுகின்றன." எந்த ஒற்றுமை, எந்த வேற்றுமை என்று அந்த நான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லை. திருத்துகிறவரே இரண்டு பக்கத்துக்கும் கோடு போட்டு இணைத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை அவர் செய்தால் புள்ளி அவருக்குத்தான் போக வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, சரித்திரம் தெரியாத நீங்களே செய்யலாம். கட்டுரையின் இரண்டாம் பாதியைக் கையால் மூடிக்கொண்டு முதல் பாதியை மட்டும் வாசியுங்கள். ஒன்றும் குறையாமல் அது தனியாக நிற்கிறதா? அப்படியென்றால் அது ஒப்பீடு இல்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு குறிப்பு. உண்மையான ஒப்பீட்டில் பாதியை மூடினால் வசனம் முறிந்துபோகும்.

அதே தகவலை எப்படி மாற்றி எழுதுவது என்று ஓர் இடத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். அவளுக்கு ஏழு நிர்வாகக் குழுவும் தெரியும், அமைச்சரவையும் தெரியும். இரண்டையும் ஒரே பந்திக்குள் கொண்டுவந்து, எதைப் பற்றி ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்:

"அமைச்சர் யாருக்குப் பொறுப்பு என்பதில் இரண்டும் வேறுபட்டன. டொனமூரில் ஒவ்வோர் அமைச்சரும் தன் நிர்வாகக் குழுவின் தலைவர். பிரதமர் என்று ஒருவர் இல்லை, அமைச்சர்களை ஒன்றாகக் கட்டி வைத்த கட்சியும் இல்லை. சோல்பரியில் பிரதமரின் கீழ் அமைச்சரவை முழுவதும் சேர்ந்து பாராளுமன்றத்துக்குப் பொறுப்புச் சொன்னது. அதனால் முன்னையதில் ஓர் அமைச்சரின் தோல்வி அவரோடு நின்றது, பின்னையதில் அரசாங்கத்தையே கவிழ்க்கக்கூடியதாயிற்று."

பாருங்கள், புதிதாக ஓர் ஆண்டும் சேர்க்கவில்லை. மூன்று வேலை மட்டும் நடந்திருக்கிறது: எந்த அம்சம் என்று சொன்னது, இரண்டு பக்கத்தையும் அந்த அம்சத்துக்குள் வைத்தது, "அதனால்" என்று ஒரு வசனம் எழுதியது. அந்த "அதனால்" இல்லாமல் 61, 101 என்று இரண்டு எண்ணை அருகருகே வைப்பதையும் சில பிள்ளைகள் ஒப்பீடு என்று நினைக்கிறார்கள். எண் பெரிதானது எண்கணிதம்தான். ஒரு சபை இரண்டு சபையானது ஏன், யாருடைய பயத்தைப் போக்க என்று சொன்னால்தான் சரித்திரம்.

ஒற்றுமையையும் விட்டுவிடக் கூடாது. "ஒப்பிடுக" என்றால் பிள்ளைகள் வேற்றுமையை மட்டும் எழுதுகிறார்கள். 1931இல் 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் கிடைத்த வாக்கு, சோல்பரியின் கீழ் நடந்த முதல் தேர்தலுக்கும் அடித்தளமாக நின்றது. நியமன உறுப்பினர் இரண்டிலும் இருந்தார்கள், 8 பேர் 6 ஆனதோடு சரி. இப்படி நான்கு அம்சம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி, ஒரு ஒற்றுமையாவது. இரண்டரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அவள் எழுதிய நான்கு பக்கத்தை விடக் குறைவு.

இனி "மதிப்பிடுக". இது இன்னும் பெரிய பொறி, ஏனென்றால் எழுதினவருக்கே தான் விழுந்தது தெரியாது. "இலங்கை சுயாட்சியை நோக்கி நகர டொனமூர் அரசியலமைப்பு எவ்வளவு உதவியது என்பதை மதிப்பிடுக" என்று கேட்டால், டொனமூரின் இயல்புகளை வரிசையாக எழுதி, "எனவே இது மிகவும் முக்கியமானது" என்று முடிக்கிறார்கள். மதிப்பிடுவது என்றால் நிறுப்பது. நிறுக்கத் தராசு வேண்டும். இங்கே தராசு கேள்விக்குள்ளேயே இருக்கிறது, சுயாட்சி. ஆட்களைத் தெரிவது யார், முடிவு எடுப்பது யார், காசைப் பிடித்திருப்பது யார்? தெரிவது மக்கள், அது பெரிய பாய்ச்சல். அதற்கு முன் வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்தது. முடிவு எடுப்பதில் அரைவாசி. கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்ததும் இந்த அரசியலமைப்பின் கீழ்த்தான். காசு? நிதி, சட்டம், பிரதம செயலாளரின் பொறுப்புகள் எல்லாம் அந்த மூன்று அரச உத்தியோகத்தரிடம். அதற்கு மேலே ஆளுநர். ஆகவே தீர்ப்பு இப்படி வரும்: வாக்குரிமையில் சுயாட்சிக்கு மிகக் கிட்ட, நிதியில் எட்டத் தூரத்தில், இடையில் உள்ளூர்த் தலைவர்களுக்கு ஆட்சிப் பயிற்சி. இது சரியான தீர்ப்பா என்று யாரும் சண்டை பிடிக்கலாம். திருத்துகிறவருக்கு வேண்டியது தீர்ப்பும் அதற்குக் காட்டிய சான்றும்.

நம்மூர்ப் பிள்ளைகளுக்கென்று இதில் ஒரு தனி வில்லங்கம் இருக்கிறது. 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் அழைப்பில் இங்கே தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது, வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. சொந்த ஊர்க் கதை என்பதால் எந்தக் கேள்வி வந்தாலும் இதற்கு ஒரு பந்தி போகும். "ஒப்பிடுக"வில் அது பெரும்பாலும் தனித்துக் கிடக்கும், சோல்பரிப் பக்கத்தில் அதற்கு இணையாக எதையும் வைப்பதில்லை, ஆகவே புள்ளியும் இல்லை. "மதிப்பிடுக"வில் அதே தகவல் பொன். முழுச் சுயராச்சியம் இல்லை என்பதற்காக ஓர் ஊரே தேர்தலை ஒதுக்கியது என்றால், டொனமூர் கொடுத்தது போதாது என்று அன்றைக்கே நினைத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று எது? தகவல் மாறவில்லை, அதற்குக் கொடுத்த வேலைதான் மாறியது.

சரி, இதை வாசித்துவிட்டு நாளையிலிருந்து எல்லாக் கேள்விக்கும் தீர்ப்பு எழுதப் போகிறாள், அதுவும் ஆபத்து. "குறிப்பிடுக", "பெயரிடுக" என்று வந்தால் தகவல் மட்டும் போதும். இதை ஏன் இழுத்துச் சொல்லுகிறேன் என்றால், கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இங்கே விழுகிறார்கள். ஒரு கேள்வி அ, ஆ, இ என்று பிரிந்து வரும், பக்கத்தில் புள்ளி போட்டிருக்கும். "டொனமூர் அரசியலமைப்பின் இரண்டு இயல்புகளைக் குறிப்பிடுக" என்று 2 புள்ளிக்குக் கேட்டால் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். என்னிடம் படித்த ஒரு பிள்ளை அந்த 2 புள்ளிக்கு ஒன்றரைப் பக்கம் நிறுத்துத் தீர்ப்புச் சொன்னாள், அருமையாக எழுதியிருந்தாள், என்னால் 2க்கு மேல் போட முடியவில்லை, அடியில் 10 புள்ளிக் கேள்வியில் நேரம் போதாமல் மூன்று வரியோடு நின்றுவிட்டாள். அதனால் முதலில் ஏவல் சொல், உடனே பக்கத்துப் புள்ளி, இரண்டையும் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். ஏவல் சொல்லும் ஒன்றாக வராது. "ஆராய்க" என்பார்கள், "எவ்வளவு தூரம்" என்பார்கள், "உடன்படுகிறீரா" என்பார்கள். இந்த மூன்றும் அநேகமாக மதிப்பிடச் சொல்லுவதுதான். ஒரே பொருளுக்கு வினாத்தாளுக்கு வினாத்தாள் சொல்லை மாற்றிவிட்டு, பிள்ளைக்கு மொழி விளங்கவில்லை என்று குறை சொல்லுவதில் எங்களுக்கு நிகர் யாருமில்லை.

இப்போது ரியூசன் விசயம். இதில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். "இந்த முறை நிச்சயம் வரும் பத்துக் கட்டுரை" என்று அச்சடித்து விற்கிறார்களே, அதுதான் இந்த வியாதியின் கிருமி. அந்தக் கட்டுரை ஒவ்வொன்றும் "டொனமூர் அரசியலமைப்பு", "சோல்பரி அரசியலமைப்பு" என்று தலைப்போடு இருக்கும். கேள்வி இருக்காது. பிள்ளை தலைப்பைப் பாடமாக்குகிறது, மண்டபத்தில் டொனமூர் என்ற சொல்லைக் கண்டதும் பாடமாக்கியதைக் கொட்டுகிறது. விற்றவருக்குக் காசு வந்துவிட்டது. முடிவு வந்த பிறகு, மீள்பரிசீலனைக்குப் போட்டால் கூடும், ஆளைத் தெரியும் என்று காசு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கூட்டல் பிழை இருந்தால் திருந்தலாம். ஒப்பீடு இல்லாத கட்டுரைக்குள் எந்த ஆளைத் தெரிந்தும் ஒப்பீடு முளைக்காது. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கையில் பிள்ளைகள் எங்கே தவறினார்கள் என்று பார்க்கலாம். அதை வகுப்பில் விரித்துக் காட்டினால் கட்டுரைப் புத்தகம் யார் வாங்குவது?

ஆகவே ரியூசனை மாற்றுவதற்கு முன் அந்த சேரிடம் ஒன்று கேளுங்கள்: மகள் இந்தக் கேள்வியைத் திரும்ப எழுதிக் கொண்டுவந்தால், எங்கே "அதனால்" விடுபட்டது என்று குறித்துத் தருவீர்களா? மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கிறார்கள், அதெல்லாம் முடியாது என்றால், அந்த மாதக் காசு வீட்டிலேயே இருக்கட்டும்.